வாரண்டி முடிந்த ஃப்ரிட்ஜுக்கு ஒரிஜினல் கம்ப்ரஸர் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது எப்படி

திருச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரின் ஸ்பேர் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். "எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மூன்று வாரமாக ஓடவில்லை, குழந்தைக்குப் பால் கூட வைக்க முடியவில்லை, தயவுசெய்து உடனே ஒரிஜினல் கம்ப்ரஸர் அனுப்பவும்." படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் தேடுவதற்கு அதில் ஓர் எண் கூட இருக்காது. என்ன மாடல், எந்த வருடம், குளிரூட்ட உள்ளே ஓடுவது எந்த கேஸ், எதுவும் தெரியாது. திரும்ப விவரம் கேட்டு எழுதுவோம். பதில் வருவதற்குள் அந்த வீட்டில் யாரோ ஒரு மெக்கானிக் பழைய கம்ப்ரஸர் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

உங்கள் கடிதத்தை முடிவில் கையில் எடுப்பவர் மேனேஜர் இல்லை. ஸ்பேர் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஊழியர். அவர் இன்னொரு கேள்வி கேட்க வேண்டிய தேவை இல்லாமல் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. போன வருடத்துக்கு முந்தின கோடையில் எதிர்வீட்டு அக்காவுக்காக நான் எழுதிய கடிதத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அக்காவின் ஃப்ரிட்ஜ் 2015 நவம்பரில் வாங்கியது. இரண்டு கதவு, 250 லிட்டர். 2024 ஏப்ரலில் நின்றுபோனது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தபோது "அந்த மாடல் நின்றுபோய்விட்டது மேடம், ஸ்பேர் வராது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக், பழையதைத் திறந்து சரிசெய்த ரீகண்டிஷன் கம்ப்ரஸர் போட்டுத் தருவதாகச் சொன்னார். அக்கா என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது வாரண்டி கார்டைத்தான்.

வாரண்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா?

நம் ஊரில் ஃப்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரண்டி உண்டு. மொத்த ஃப்ரிட்ஜுக்கு ஒரு வருடம், கம்ப்ரஸருக்கு மட்டும் தனியாக இன்னும் சில வருடம். கடைக்காரர்கள் இதை "1+4", "1+9" என்று சொல்வார்கள். ஒரு வருடம் முடிந்ததுமே வாரண்டி போய்விட்டது என்று நினைத்து, கைக்காசைப் போட்டு கம்ப்ரஸர் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் பாருங்கள். கம்ப்ரஸர் வாரண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் எழுத வேண்டியது உரிமையாகக் கேட்கும் வேறு கடிதம். அப்போதும் கேஸ் நிரப்பும் செலவு, வேலைக்கூலி, வண்டிச் செலவு ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கேட்பார்கள். கார்டில் பொடி எழுத்தில் அது இருக்கும், படித்துவிடுங்கள்.

அக்காவுடையது 1+4. 2020 நவம்பரோடு இரண்டும் முடிந்துவிட்டது. ஆக, காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எழுத வேண்டிய கடிதம்தான். இதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இலவசமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்து "வாரண்டி காலம் முடிந்துவிட்டதால் இயலாது" என்று ஒரு வரிப் பதிலோடு மூடிவிடுவார்கள்.

போனது கம்ப்ரஸர்தானா?

ஃப்ரிட்ஜ் நின்றால் உடனே "கம்ப்ரஸர் போச்சு" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. பழைய வகை கம்ப்ரஸரின் பக்கவாட்டில், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே, கரண்ட் அதிகமானால் வெட்டும் ஓவர்லோடு என்று இரண்டு சின்ன சாமான்கள் மாட்டியிருக்கும். அவை போனாலும் கம்ப்ரஸர் ஓடாது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அது. வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையாக இருந்தால், கம்ப்ரஸரை ஓட்டும் போர்டு போயிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் கம்ப்ரஸர் கேட்டு எழுதினால், வந்து மாட்டிய பிறகும் ஃப்ரிட்ஜ் ஓடாமல் இருக்க வாய்ப்பு உண்டு.

அதனால் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, என்ன பார்த்தார் என்பதை நான்கு வரி எழுதி வாங்குங்கள். பழைய வகையில் காமன், ஸ்டார்ட், ரன் என்று மூன்று பின் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே மீட்டர் வைத்து ரீடிங் எடுப்பார். ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே வருவது மற்ற இரண்டு ரீடிங்கின் கூட்டலாக இருக்க வேண்டும். எந்தப் பின்னிலிருந்தும் கம்ப்ரஸர் பாடிக்கு ரீடிங் காட்டக் கூடாது. இன்வெர்ட்டர் வகையில் மூன்று ரீடிங்கும் ஏறக்குறைய சமமாக வரும். இந்த வேலையை வீட்டில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இன்வெர்ட்டர் போர்டில் கொஞ்ச நேரம் கரண்ட் தங்கியிருக்கும்.

அக்கா வீட்டில் ரீடிங் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புது ரிலே மாட்டிப் பார்த்தார்கள். சில விநாடி உறுமிவிட்டு 'டக்' என்று ஓவர்லோடு வெட்டியது. சற்று நேரம் கழித்துத் திரும்பவும் அதேதான். கம்ப்ரஸர் உள்ளே ஜாம் ஆகியிருந்தது. இன்னொன்றையும் கேட்டோம். கேஸ் எங்காவது கசிந்திருக்கிறதா? இல்லை என்றார். இது முக்கியம். சுவருக்குள் நுரைக்கு அடியில் ஓடும் குழாயில் ஓட்டை இருந்தால், ஒரிஜினல் கம்ப்ரஸரைப் போட்டாலும் அந்த ஃப்ரிட்ஜ் நீண்ட நாள் ஓடாது. அப்படியென்றால் கடிதம் எழுதாமல் ஃப்ரிட்ஜையே மாற்றுவதுதான் சரி.

இரண்டு லேபிள், இரண்டு போட்டோ

ஃப்ரிட்ஜின் லேபிள் பெரும்பாலும் உள்ளே, இடது பக்கச் சுவரில், காய்கறி டிரேக்குப் பக்கத்தில் இருக்கும். டிரேயை எடுத்துவிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் பின்பக்கம் ஒட்டியிருப்பார்கள். அதில் மாடல் எண், சீரியல் எண், கேஸின் பெயர், எத்தனை கிராம் என்ற அளவு எல்லாம் அச்சாகியிருக்கும். மாடல் எண்ணை முழுதாக எழுதுங்கள், கடைசியில் வரும் கோடு, சாய்கோடு, இரண்டு எழுத்து வால் உட்பட. ஒரே பெயரில் விற்ற ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு வித கம்ப்ரஸர் போட்டிருப்பார்கள். அந்த வால் எழுத்துதான் எது என்று சொல்லும்.

இரண்டாவது லேபிள் கம்ப்ரஸரின் மேலேயே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கம்ப்ரஸர் ஆறிய பிறகு ஃப்ரிட்ஜை நகர்த்தி, பின்மூடியைக் கழற்றி மெக்கானிக்கை விட்டுப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸருக்குத் தனி மாடல் எண் உண்டு. ஃப்ரிட்ஜ் கம்பெனி வேறு, கம்ப்ரஸர் செய்த கம்பெனி வேறாகக் கூட இருக்கலாம். புதியவர்கள் தவறவிடுவது இந்த லேபிளைத்தான். நான் வேலை பார்த்தபோது இந்த எண் இருந்தால் போதும், மாற்று கம்ப்ரஸர் எது என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

கேஸின் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? அக்காவுடையது ஆர்-134ஏ. புதிய ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ வருகிறது, அது தீப்பிடிக்கும் கேஸ். ஒன்றுக்கான கம்ப்ரஸரை இன்னொன்றில் போட்டால் உள்ளே இருக்கும் ஆயில் ஒத்துவராது, குளிர்ச்சியும் சரியாக வராது. ஆர்-600ஏ கேஸைப் பழக்கமில்லாதவர் கையாண்டால் ஆபத்தும் உண்டு.

ஃப்ரிட்ஜ் வாங்கிய பில் தொலைந்துவிட்டால் தயங்க வேண்டாம். விலை கொடுத்து வாங்கும் ஸ்பேருக்கு அந்தப் பில் கட்டாயமில்லை. சீரியல் எண் இருந்தாலே போதும்.

என்ன கேட்க வேண்டும்?

நான்கு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். இந்த மாடலுக்கான கம்ப்ரஸர் இருக்கிறதா, அதன் பார்ட் எண் என்ன என்பது முதல் கேள்வி. இல்லையென்றால் கம்பெனி ஒப்புக்கொள்ளும் மாற்று பார்ட் எண் எது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரு கம்ப்ரஸர் உற்பத்தி நின்றால் அதற்குப் பதில் எதைப் போடலாம் என்று கம்பெனியிடம் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். போனில் பேசுபவர் பழைய எண்ணை மட்டும் அடித்துப் பார்த்து "வராது" என்று சொல்லிவிடுவார். எழுத்தில் கேட்டால் அந்தப் பட்டியலை ஒருவர் திறந்து பார்க்க வேண்டிவரும்.

மூன்றாவது, விலை. வரி, வேலைக்கூலி, கேஸ், கேஸ் ஓடும் குழாயில் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர், வண்டிச் செலவு எல்லாம் தனித்தனியாக வேண்டும். நான்காவது, புதிதாகப் போடும் கம்ப்ரஸருக்கு எத்தனை மாதம் வாரண்டி என்பது. நஷ்ட ஈடு, மிரட்டல், ஃப்ரிட்ஜ் சரியில்லை என்ற குறை இவற்றை இந்தக் கடிதத்தில் கலக்காதீர்கள். குறை கலந்தால் கடிதம் ஸ்பேர் பிரிவுக்கு வராது, புகார் பிரிவுக்குப் போய்விடும். அங்கே இருப்பவருக்குப் பார்ட் எண் தெரியாது.

அக்காவுக்காக எழுதிய கடிதம்

தலைமை அலுவலகம் வெளி மாநிலத்தில் இருந்ததால் ஆங்கிலத்தில் அனுப்பினோம். விவரமும் வரிசையும் இதுதான்.

> அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல்)
>
> பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை மற்றும் உதிரிபாகப் பிரிவு, (கம்பெனி பெயர், முகவரி)
>
> நாள்: 22.04.2024
>
> பொருள்: ஃப்ரிட்ஜ் மாடல் (முழு எண்), சீரியல் (எண்) - விலைக்கு ஒரிஜினல் கம்ப்ரஸர் வேண்டுதல்
>
> ஐயா / அம்மையீர்,
>
> மேற்கண்ட ஃப்ரிட்ஜை 2015 நவம்பரில் திருச்சியில் வாங்கினேன். வாரண்டி முடிந்துவிட்டது. இலவசமாகக் கேட்கவில்லை. உரிய விலை கொடுத்து ஒரிஜினல் கம்ப்ரஸர் வாங்க விரும்புகிறேன்.
>
> கம்ப்ரஸர் மாடல் எண்: (எண்). கேஸ்: ஆர்-134ஏ, 110 கிராம். 18.04.2024 அன்று மெக்கானிக் சோதித்ததில் ரிலேயும் ஓவர்லோடும் நன்றாக உள்ளன, கேஸ் கசிவு இல்லை, கம்ப்ரஸர் ஜாம் ஆகியுள்ளது. அவருடைய குறிப்பையும் இரண்டு லேபிள்களின் போட்டோக்களையும் இணைத்துள்ளேன்.
>
> 16.04.2024 அன்று உங்கள் கஸ்டமர் கேரில் (பதிவு எண்) இந்த மாடலுக்கு ஸ்பேர் இல்லை என்று சொன்னார்கள். கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.
>
> 1. இந்த ஃப்ரிட்ஜுக்கான கம்ப்ரஸரின் பார்ட் எண் என்ன, அது கிடைக்குமா?
> 2. கிடைக்காவிட்டால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் மாற்று கம்ப்ரஸரின் பார்ட் எண் என்ன?
> 3. கம்ப்ரஸர், ஃபில்டர், கேஸ், வேலைக்கூலி, வண்டிச் செலவு, வரி ஆகியவை தனித்தனியாக எவ்வளவு?
> 4. புதிய கம்ப்ரஸருக்கு எவ்வளவு காலம் வாரண்டி?
>
> 10.05.2024க்குள் பதில் கிடைத்தால், உடனே பணம் கட்டத் தயாராக இருக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

தேதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "விரைவில்" என்று எழுதினால் யாருடைய கணக்கிலும் அது நிலுவையாகத் தெரியாது. போனில் பேசிய பதிவு எண்ணும் அப்படித்தான். அந்த எண்ணை அடித்தால் "ஸ்பேர் இல்லை" என்று யார் எப்போது சொன்னார் என்பது கம்பெனிக்கே தெரிந்துவிடும். ஒரு தடவையாவது போன் செய்து அந்த எண்ணை வாங்கிய பிறகே கடிதம் எழுதுவது நல்லது.

எங்கே அனுப்புவது?

உள்ளூர் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அது பெரும்பாலும் கம்பெனியின் பெயரில் நடக்கும் தனியார் ஏஜென்சி. மாற்றுப் பட்டியலைப் பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம். வாரண்டி கார்டிலும் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியிலும் நுகர்வோர் தொடர்பு முகவரி, மின்னஞ்சல் இரண்டும் அச்சாகியிருக்கும். மின்னஞ்சலை அங்கே அனுப்பி, அதே கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்டில் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ரசீதிலுள்ள எண்ணை வைத்து, எப்போது போய்ச் சேர்ந்தது என்பதை இந்தியா போஸ்ட் தளத்தில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போட்டோக்களை மின்னஞ்சலில் நேரடியாக இணையுங்கள். டிரைவ் லிங்க் கொடுத்தால் கம்பெனி கம்ப்யூட்டர்களில் பல நேரம் திறக்காது.

என்ன பதில் வரும், அப்புறம் என்ன செய்வது?

அக்காவுக்கு முதலில் வந்தது தானாக வரும் நன்றிச் செய்தி. ஐந்து நாள் கழித்து "அருகில் உள்ள சர்வீஸ் சென்டரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று ஒரு வரி. நிறையப் பேர் இங்கேயே மனம் தளர்ந்துவிடுவார்கள். நாங்கள் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, "என் இரண்டாவது கேள்விக்கு, மாற்று பார்ட் எண்ணுக்கு, இன்னும் பதில் வரவில்லை" என்று மட்டும் எழுதினோம். புதிய மின்னஞ்சலாகத் தொடங்கவில்லை. தொடங்கினால் முதல் கடிதமும் இணைப்புகளும் பார்ப்பவர் கண்ணில் படாமல் போய்விடும். பதினாறாம் நாள் மாற்று கம்ப்ரஸரின் எண்ணும் விலையும் வந்தன. கம்ப்ரஸர் 5,200 ரூபாய், கேஸ், ஃபில்டர், வேலைக்கூலி சேர்த்து 2,600 ரூபாய்.

"ஸ்பேர் கிடையாது" என்ற பதிலே வந்தால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, குறை தீர்க்கும் அதிகாரியின் பெயருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். கடிதம், ரசீது, பதில் எல்லாம் கையில் இருந்தால் அந்தப் புகார் கனமாக இருக்கும். மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய righttorepairindia.gov.in தளத்தில், சேர்ந்திருக்கும் கம்பெனிகளின் ஸ்பேர், சர்வீஸ் விவரங்கள் இருக்கின்றன. உங்கள் கம்பெனி அதில் இருந்தால், அங்கே அவர்களே சொன்னதைக் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையம் வரை போக முடியும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் வாரண்டி முடிந்த எட்டு வருட ஃப்ரிட்ஜுக்கு "இலவசமாகக் கொடு" என்று உத்தரவு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் மாட்டினார்கள், பில் தர மறுத்தார்கள் என்பது போன்ற விஷயத்தில்தான் உங்கள் கை வலுவாக இருக்கும். பில் தராமல் விற்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே முறையற்ற வணிகம் என்று சொல்கிறது.

பெட்டி வந்ததும் பார்க்க வேண்டியவை

கம்ப்ரஸரை மெக்கானிக் பையிலிருந்து எடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனிப் பெட்டியில் வர வேண்டும். பெட்டியில் உள்ள பார்ட் எண்ணும் கடிதத்தில் வந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், அதிகபட்ச விலையும் அச்சாகியிருக்க வேண்டும்.

புது கம்ப்ரஸரின் மூன்று குழாய்களிலும் ரப்பர் அடைப்பான் இருக்கும். முதல் அடைப்பானை எடுக்கும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே ஈரம் போகாமல் இருக்க ஈரமில்லாத வாயுவை அழுத்தத்தில் அடைத்து மூடி வைத்திருப்பதால் வருவது அது. குழாய் நுனிகள் புது செம்பாகப் பளபளக்கும். நுனியில் பழைய வெல்டிங் திட்டு இருந்தால் அது ஏற்கெனவே ஒரு ஃப்ரிட்ஜில் ஓடியது. நடுவில் சுற்றி ஓடும் வெல்டிங் கோடு மேடு பள்ளமாக இருந்து மேலே புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், அறுத்துத் திறந்து திரும்ப ஒட்டிய ரீகண்டிஷன்.

அடைப்பானை எடுத்த சில நிமிடங்களுக்குள் மாட்டிவிட வேண்டும். ஆர்-134ஏ கம்ப்ரஸரின் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். டீ குடிக்கப் போவதென்றால் திறப்பதற்கு முன்பே போகச் சொல்லுங்கள். ஃபில்டரைக் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். மாட்டிய பிறகு வேக்யூம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு, எடைத் தராசில் வைத்து லேபிளில் உள்ள கிராம் அளவுக்கு கேஸ் நிரப்ப வேண்டும். மாற்று கம்ப்ரஸருக்கு வேறு அளவு என்றால் அதைக் கம்பெனி பதிலில் சொல்லியிருக்கும். "கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தே போட்டுவிடுவேன்" என்பவரை வைத்து ஒரிஜினல் பார்ட்டை மாட்டினால், கொடுத்த காசுக்கு அர்த்தமில்லை.

செய்த வேலையை மெக்கானிக் எழுதித் தரும் ஜாப் கார்டில் புது கம்ப்ரஸரின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி வாங்குங்கள். பில்லில் பார்ட் எண், வாரண்டி மாதம் இரண்டும் இருக்க வேண்டும். பழைய கம்ப்ரஸர் உங்களுடையது. விலையில் அதைக் கழித்திருந்தால் ஒழிய, அதை எடுத்துச் செல்ல விடாதீர்கள். அக்கா அந்தப் பழைய கம்ப்ரஸரைப் பழைய இரும்புக் கடையில் போட்டார். பில், ஜாப் கார்டு, கம்பெனியின் பதில் மூன்றையும் ஃப்ரிட்ஜ் வாரண்டி கார்டு இருந்த அதே கவரில் வைத்து, மேலே புது வாரண்டி முடியும் தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.